ஒரு கார்டு மெஷின், மூன்று ஒப்பந்தங்கள்: சிறு கடை ஒன்று மாதத் திட்டத்திலிருந்து வெளியே வந்த விதம்

சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதித் தருவது என் வேலை. கார்டு மெஷினையும் பில்லிங் மென்பொருளையும் வேண்டாம் என்று முடிவு செய்யும் கடைக்காரர்கள் பெரும்பாலும் ஒரு போன் செய்துவிட்டு, மெஷினைப் பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டு, வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். பல மாதம் கழித்து வங்கிக் கணக்கைப் பார்த்தால் அதே பணம் போய்க்கொண்டே இருக்கும். இங்கே எழுதுவது, அந்தக் குழியில் விழாமல் வெளியே வந்த ஒரு கடையைப் பற்றி. எழுதுபொருளும் பரிசுப்பொருளும் விற்கும் கடை. உரிமையாளர் ஒருவர், உதவிக்கு ஒருவர், அவ்வளவுதான்.

காரணம் எளிது. மாதாந்தரக் கட்டணம் நிலையானது, விற்பனை குறைவான மாதத்திலும் அதே தொகை. போதாததற்கு, குறைந்தபட்ச மாதக் கட்டணம் என்று ஒரு வரி வேறு. கார்டில் வந்த விற்பனைக்கான கமிஷன் அந்த அளவைத் தொடாவிட்டால் மீதியைக் கடைதான் கட்ட வேண்டும். மாதச் சந்தா இல்லாமல், விற்றால் மட்டும் கமிஷன் எடுக்கும் வேறொரு சேவைக்கு மாறுவது என்று உரிமையாளர் தீர்மானித்துவிட்டார். "வங்கிக்குப் போய் டெபிட்டை நிறுத்திடலாம்னு இருக்கேன், அதுதானே சுலபம்?" என்று கேட்டார். அதை மட்டும் முதலில் செய்யாதீர்கள் என்று சொன்னேன். ஏன் என்பது கீழே வரும்.

எத்தனை பேருக்குப் பணம் போகிறது

மூன்றரை ஆண்டுகளுக்கு முன்பு ஒரு விற்பனைப் பிரதிநிதி வந்து கார்டு மெஷின், டேப்லெட், பார்கோடு ஸ்கேனர், பில் பிரிண்டர் என்று ஒரு முழு செட்டை மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கையெழுத்து வாங்கியதும் ஒரே நாளில்தான். அதனால் எல்லாம் ஒரே நிறுவனம், ஒரே ஒப்பந்தம் என்றுதான் உரிமையாளர் நினைத்திருந்தார்.

நான் ஒப்பந்தத்தைக் கேட்கவில்லை, வங்கி அறிக்கையைத்தான் கேட்டேன். ஒப்பந்தம் தொலைந்திருக்கலாம், பாதிப் பக்கம் காணாமல் போயிருக்கலாம். வங்கி அறிக்கையில் ஒளிவுமறைவு இருக்காது. ஒரு மாத அறிக்கையை எடுத்து, தானாகப் போகும் ஒவ்வொரு டெபிட்டுக்கும் எதிரே யாருக்குப் போகிறது, எந்தத் தேதியில் போகிறது என்று எழுதினோம். மூன்று வெவ்வேறு பெயர்கள், மூன்று வெவ்வேறு தேதிகள்.

முதல் பெயர், கார்டு பணத்தை வாங்கிக் கடையின் கணக்கில் போடும் பணப்பரிமாற்ற நிறுவனம். இரண்டாவது, மெஷினையும் டேப்லெட்டையும் வாடகைக்கு விட்டிருக்கும் குத்தகை நிறுவனம். மெஷினின் உண்மையான சொந்தக்காரர் இவர்தான். இப்படி ஒரு நிறுவனம் இருப்பதே உரிமையாளருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மூன்றாவது, பில்லிங் மென்பொருள் நிறுவனம்.

இந்த மூன்று பெயர்களையும் கையில் வைத்துக்கொண்டு பழைய காகிதங்களைத் தேடியபோது மூன்று ஒப்பந்தங்களும் கிடைத்தன. ஒவ்வொன்றும் முடியும் விதம் வேறு. பணப்பரிமாற்ற ஒப்பந்தம் முதல் ஆண்டுக்குப் பிறகு மாதத்துக்கு மாதம் ஓடுவது, 30 நாள் முன்னறிவிப்பு போதும். மென்பொருள் திட்டம் மாதாமாதம் பணம் கட்டினாலும் உண்மையில் ஆண்டுத் திட்டம், புதுப்பிப்புத் தேதிக்கு 30 நாள் முன்பே சொல்ல வேண்டும். குத்தகை 48 மாதம், நடுவில் ரத்து செய்ய முடியாது. அதில் 41 மாதம் முடிந்திருந்தது.

குத்தகையில் இன்னொரு வரியும் இருந்தது, அந்த ஒப்பந்தத்தில் ஆபத்தான வரி அதுதான். காலம் முடிவதற்கு 120 நாளுக்குள்ளும் 60 நாளுக்கு முன்பும் எழுத்தில் மறுப்புத் தெரிவிக்காவிட்டால் குத்தகை தானாக இன்னும் 12 மாதம் நீளும். அதாவது அறிவிப்பு தாமதமானாலும் செல்லாது, சீக்கிரமே வந்தாலும் செல்லாது. எல்லாக் குத்தகையிலும் இப்படி இருக்காது, நாள் கணக்கும் மாறும். ஆனால் "புதுப்பித்தல்", "தானாக நீட்டித்தல்" என்ற தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் எந்தக் கடையும் மெஷினைத் திருப்பி அனுப்பக் கூடாது. மெஷினைத் திருப்பிக் கொடுத்தாலே குத்தகை முடிந்துவிடும் என்று நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். பொருள் போய்விடும், கடன் அப்படியே இருக்கும்.

டெபிட்டை நிறுத்த வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணமும் இதுதான். குத்தகைப் பணம் ஒரு மாதம் வராவிட்டால் அதைத் தவணை தவறியதாக எடுத்துக்கொண்டு, மீதி எல்லா மாத வாடகையையும் ஒரே தொகையாக உடனே கேட்கலாம் என்று பல குத்தகைகளில் எழுதியிருக்கும். இந்த ஒப்பந்தத்திலும் இருந்தது. ஒப்பந்தம் முறைப்படி முடிந்த பிறகும் பணம் எடுத்தால், அப்போது வங்கியில் டெபிட்டை நிறுத்தச் சொல்வதும், எடுத்த பணத்தைத் திரும்பக் கேட்பதும் நியாயம். அதற்கு முன்பு நிறுத்தினால் தவறு நம் பக்கம் ஆகிவிடும்.

முதலில் தரவு, அப்புறம்தான் கடிதம்

ரத்துக் கடிதம் அனுப்புவதற்கு முன்பு மென்பொருளில் இருக்கும் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட வேண்டும். ரத்து என்று சொன்ன அன்றே சில மென்பொருள்களில் உள்ளே நுழைய முடியாமல் போய்விடுகிறது. வேறு சிலவற்றில் பார்க்கலாம், ஏற்றுமதி செய்ய முடியாது.

ஒரு நாள் கடையை மூடிய பிறகு உட்கார்ந்தோம். இருப்புக் கணக்கு நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதால், விற்பனை நடக்கும்போது எடுத்தால் பில்லும் இருப்பும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. உரிமையாளர் முதலில் எடுத்தது "விற்பனைச் சுருக்கம்" என்ற அறிக்கை. பார்க்க நிறைவாக இருந்தது, ஆனால் அதில் நாள்வாரி மொத்தம் மட்டும்தான் இருந்தது. எந்த பில்லில் என்ன பொருள், எந்தக் கட்டண முறை, கார்டு என்றால் அனுமதி எண் என்ன என்பதெல்லாம் வேறொரு மெனுவில், பில் வாரியான விவரமாக இருந்தது. பிற்பாடு உதவியது இந்த இரண்டாவது கோப்புதான்.

பொருள் பட்டியலில் வந்த சிக்கலைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பட்டியல் சி.எஸ்.வி. கோப்பாக இறங்கியது. அதை இரட்டைக் கிளிக் செய்து விரிதாளில் திறந்தபோது பார்கோடு நெடுவரிசை இப்படி இருந்தது:

```
கோப்பில் உள்ளது      விரிதாளில் தெரிவது
5012345678900      5.01235E+12
5012345678917      5.01235E+12
000457             457
```

13 இலக்கப் பார்கோடை விரிதாள் ஒரு பெரிய எண் என்று நினைத்துச் சுருக்கிக் காட்டுகிறது. பார்ப்பதோடு விட்டால் நட்டம் இல்லை. ஆனால் வேறெங்காவது ஒரு சின்னத் திருத்தம் செய்துவிட்டு அப்படியே சி.எஸ்.வி.யாகச் சேமித்தால், திரையில் தெரிவதுதான் கோப்பில் எழுதப்படும். மறுபடி திறந்தால் இரண்டு வெவ்வேறு பொருளுக்கும் 5012350000000 என்ற ஒரே எண். ஒரே தயாரிப்பாளரின் பார்கோடுகள் தொடக்கத்தில் ஒன்றுபோல இருப்பதால், அந்தத் தயாரிப்பாளரின் பேனா, பென்சில், அழிப்பான் எல்லாம் ஒரே பொருளாகிவிடும். கடையே தனக்காக அச்சடித்து ஒட்டிய 000457 போன்ற எண்களில் முன்னால் இருக்கும் பூஜ்ஜியங்களும் போய்விடும். புதிய மென்பொருளில் ஏற்றிய பிறகு ஸ்கேன் செய்தால் "பொருள் இல்லை" என்று வரும், ஏன் என்று யாருக்கும் புரியாது.

இதற்கு நாங்கள் செய்தது எளிது. இறக்கிய கோப்பைத் திறக்காமலே ஒரு பிரதி எடுத்து வேறு இடத்தில் வைத்தோம். மற்றொன்றை இரட்டைக் கிளிக் செய்யாமல் விரிதாளின் இறக்குமதி வழியாகத் திறந்து, பார்கோடு நெடுவரிசையை உரை என்று குறித்தோம். அதே இடத்தில் எழுத்துக் குறியாக்கத்தை UTF-8 என்று தேர்ந்தெடுத்தால்தான் தமிழில் வைத்த பொருள் பெயர்கள் பெட்டி பெட்டியாக உடையாமல் வரும்.

அப்புறம், வாடிக்கையாளர் கடன் பாக்கி, பரிசுக் கூப்பன்களில் மீதியுள்ள தொகை, பொருளைத் திருப்பிக் கொடுத்தவர்களுக்கு வரவு வைத்த தொகை. இந்த மூன்றும் பொருள் பட்டியலிலும் வராது, பில் பட்டியலிலும் வராது, தனித்தனியாகத் தேடி எடுக்க வேண்டும். கூப்பனோடு வருபவர் முன்னால் "பழைய மென்பொருளை மூடிவிட்டோம்" என்று சொல்லிக்கொண்டு நிற்க முடியாது.

எடுத்தது சரிதானா என்று பார்க்க ஒரு சோதனை செய்தோம். ஏதாவது ஒரு மாதத்தைத் தேர்ந்தெடுத்து, பில் வாரிக் கோப்பில் கார்டு பில்களை மட்டும் கூட்டி, அந்த மாதத்துக்குப் பணப்பரிமாற்ற நிறுவனம் தந்த அறிக்கையின் மொத்த விற்பனையோடு ஒப்பிட்டோம். இரண்டும் ஒத்துப்போனால் கோப்பு முழுமையாக வந்திருக்கிறது என்று நம்பலாம். வங்கியில் விழுந்த தொகையோடு ஒப்பிட்டால் பொருந்தாது, அதில் கமிஷன் கழிந்திருக்கும். அந்த நிறுவனத்தின் மாத அறிக்கைகளையும் தொடக்கத்திலிருந்து இறக்கி வைத்துக்கொண்டோம். கணக்கு மூடிய பிறகு அந்த இணையப் பக்கத்துக்குள் நுழைய முடியாது.

கடிதம்

போனில் சொன்னது கணக்கில் சேராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். "நோட் பண்ணிட்டோம் மேடம்" என்று எதிர்முனையில் சொல்வார்கள். என்ன நோட் செய்தார்கள் என்பது நமக்குத் தெரியாது. மூன்று நிறுவனங்களுக்கும் மூன்று தனித்தனிக் கடிதங்கள் அனுப்பினோம். ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் அறிவிப்பு எந்த முகவரிக்கு, எந்த வழியில் வர வேண்டும் என்று ஒரு பத்தி இருக்கும். பொதுவாக அது விற்பனைப் பிரதிநிதியின் மின்னஞ்சலாக இருக்காது. மின்னஞ்சல் செல்லும் என்றிருந்தால் மின்னஞ்சல், பதிவு அஞ்சல் என்றிருந்தால் பதிவு அஞ்சல். முன்னறிவிப்பு நாளை நாம் அனுப்பிய தேதியிலிருந்து எண்ணாமல் அவர்களுக்குக் கிடைத்த தேதியிலிருந்து எண்ணும் ஒப்பந்தங்களும் உண்டு. ஆகையால் கடைசி நாள்வரை காத்திருக்கவில்லை.

பணப்பரிமாற்ற நிறுவனத்துக்கு எழுதியது இவ்வளவுதான்:

"எங்கள் வணிகர் கணக்கு எண் ___, மெஷினின் டெர்மினல் எண் ___. ஒப்பந்தத்தின் ___-ஆம் பிரிவின்படி 30 நாள் முன்னறிவிப்பு தந்து இந்தக் கணக்கை முடித்துக்கொள்கிறோம். கணக்கு முடியும் தேதி, கடைசிக் கட்டணத்தின் தேதி, பிடித்துவைத்துள்ள தொகை ஏதும் இருந்தால் அது திரும்பக் கிடைக்கும் தேதி ஆகிய மூன்றையும் எழுத்தில் உறுதிப்படுத்தவும்."

காரணம் எழுதவில்லை. எழுதினால் அதற்குப் பதில் சொல்ல ஒருவர் போன் செய்வார், கட்டணத்தைக் குறைக்கிறேன் என்பார், பேச்சு நீளும், நாள் ஓடும். சேவை பிடிக்கவில்லை என்று புகார் எழுதினால் அதைப் புகாராகப் பதிவு செய்துவிட்டு, ரத்தைப் பதிவு செய்யாமல் விட்டுவிடவும் வாய்ப்பு உண்டு.

பதில் வந்ததும் அதன் சொற்களைக் கவனித்துப் படிக்க வேண்டும். மென்பொருள் நிறுவனத்திலிருந்து வந்த முதல் பதிலில் "உங்கள் கோரிக்கை பெறப்பட்டது" என்று மட்டுமே இருந்தது. அது ரத்து உறுதி ஆகாது. திட்டம் எந்தத் தேதியோடு முடிகிறது, இனிக் கட்டணம் எடுக்கப்படாது என்ற இரண்டும் இருக்கும் பதில்தான் வேண்டும் என்று மறுபடி எழுதி வாங்கினோம். புதுப்பிப்புத் தேதிக்கு இன்னும் சில மாதம் இருந்தது. அதுவரை மாதக் கட்டணத்தைக் கட்டத்தான் வேண்டியிருந்தது, அதில் தப்பிக்க வழியில்லை.

குத்தகை நிறுவனத்திடம் முன்கூட்டியே முடித்தால் எவ்வளவு என்று கேட்டோம். வந்த கணக்கில் மீதி 7 மாத வாடகையும் முழுதாக இருந்தது, மேலே கையாளும் கட்டணம் வேறு. தள்ளுபடி ஒன்றும் இல்லை. அப்படியென்றால் மொத்தமாக இன்றே கொடுப்பதில் கடைக்கு எந்த ஆதாயமும் இல்லை. மாதாமாதம் கட்டிக்கொண்டே போய்க் காலம் முடியும்போது வெளியேறுவது என்று தீர்மானித்தோம். நீட்டிப்பு வேண்டாம் என்ற கடிதத்தை அன்றே ஒன்று அனுப்பினோம். 120 நாள் கணக்குத் தொடங்கிய வாரத்தில் அதையே புதிய தேதியோடு மறுபடி அனுப்பினோம். முதல் கடிதம் சீக்கிரம் வந்துவிட்டது, செல்லாது என்று யாரும் சொல்ல இடமில்லை.

பழைய மெஷினில் கடைசி மாதம்

புதிய மெஷின் வந்து, ஒரு சிறு தொகையை உண்மையான கார்டில் எடுத்து, அது வங்கிக்கு வந்து சேர்ந்ததைப் பார்த்த பிறகுதான் பழைய மெஷினில் விற்பனையை நிறுத்தினோம். ஆனால் அதை உடனே அணைத்து வைக்கவில்லை. கடையில் 30 நாளுக்குள் பொருளைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். பழைய மெஷினில் கார்டு தேய்த்தவர் பொருளைத் திருப்பிக் கொண்டுவந்தால், பணம் அதே கார்டுக்கு, அதே வணிகர் கணக்கு வழியாகத் திரும்பப் போவதுதான் முறை. அந்தப் பழைய விற்பனையைப் பற்றிப் புதிய மெஷினுக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே 30 நாள் முன்னறிவிப்புக் காலம் முழுக்கப் பழைய மெஷின் திருப்பித் தருவதற்கு மட்டும் என்று ஒரு தாளில் எழுதி அதன்மேல் ஒட்டி வைத்தார் உரிமையாளர். ஒப்பந்தத்தின் முன்னறிவிப்பும் கடையின் பலகையும் ஒரே அளவாக அமைந்தது இங்கே வசதியாகிவிட்டது. அமையாத கடைகள் இரண்டில் எது நீளமோ அதன்படி கணக்கின் கடைசி நாளை வைத்துக்கொள்வது நல்லது.

கடைசி நாளில் செய்ய வேண்டியது, பேட்சை மூடுவது. கார்டு தேய்த்து "அனுமதிக்கப்பட்டது" என்று வந்தவுடனே பணம் நகர்ந்துவிடுவதில்லை. பல மெஷின்கள் அன்றைய பரிவர்த்தனைகளை ஒரு பேட்சாக வைத்திருந்து, செட்டில்மென்ட் கொடுக்கும்போதுதான் அனுப்பும். அனுப்பாத பேட்சோடு மெஷினை மூடினால், அந்த அனுமதி காலாவதியாகிவிட்ட பிறகு பணம் வராது. தானாகச் செட்டில் ஆகும்படி வைத்த மெஷினாக இருந்தாலும் கையால் ஒருமுறை கொடுத்துப் பார்ப்பது நல்லது. தாளில் மொத்தம் அச்சாகி வரும். இரண்டாம் முறை கொடுத்தால் பேட்ச் காலி என்று வர வேண்டும். அந்த இரண்டு தாள்களையும் கோப்பில் வைத்தோம். வெப்பத்தாளில் எழுத்து மங்கிவிடும், அதனால் படமும் எடுத்து வைத்தோம்.

பெட்டியில் போடுவதற்கு முன்

குத்தகை முடியும் வரை மெஷின் கடையிலேயே இருக்க வேண்டியிருந்தது. அணைத்து அலமாரியில் போட்டுவிட வேண்டாம் என்றேன். கார்டு மெஷினுக்குள் மறைகுறியாக்கச் சாவிகள் இருக்கின்றன. யாராவது மெஷினைத் திறக்க முயன்றால் அவை தாமாகவே அழிந்துவிடும்படிதான் அது செய்யப்பட்டிருக்கிறது. அந்தக் காவல் எப்போதும் வேலை செய்வதற்காக உள்ளே ஒரு சின்ன பேட்டரி தனியாக இருக்கும். மெஷின் நெடுங்காலம் சார்ஜ் இல்லாமல் கிடந்து அந்தச் சின்ன பேட்டரியும் தீர்ந்தால், யாரும் தொடாமலே "சேதப்படுத்தப்பட்டது" என்ற பொருளில் ஓர் எச்சரிக்கை திரையில் வந்து நின்றுவிடும். அதோடு திருப்பிக் கொடுத்தால் பழுதுக் கட்டணம் கேட்பார்கள். மாதம் ஒருமுறை சார்ஜில் போட்டு வைத்தார். ஸ்க்ரூவைக் கழற்றித் தூசி துடைப்பது போன்ற வேலைகளையும் செய்யக் கூடாது.

இந்தக் கடையில் பெரிய சிக்கல் வெளிப்பட்டது பொருள்களை வரிசைப்படுத்தியபோதுதான். குத்தகை ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் இரண்டு பொருள்கள், ஒவ்வொன்றுக்கும் வரிசை எண். டேப்லெட்டின் எண் சரியாக இருந்தது. கார்டு மெஷினின் அடியில் S/N என்று ஒட்டியிருந்த எண், ஒப்பந்தத்தில் இருந்த எண் இல்லை. உரிமையாளர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "இரண்டாவது வருஷம் திரை வேலை செய்யாம போச்சு. ஒருத்தர் வந்து வேற மெஷினை வெச்சுட்டு, பழசை எடுத்துட்டுப் போனார்."

மாற்றிக் கொடுத்தது பணப்பரிமாற்ற நிறுவனத்தின் ஆள். குத்தகை நிறுவனத்தின் பதிவேட்டில் இன்னும் பழைய எண்ணே இருந்தது. இப்படியே திருப்பி அனுப்பியிருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கிடங்கில் எண்ணை ஸ்கேன் செய்வார்கள், இது எங்கள் பொருள் இல்லை என்று வரும், பட்டியலில் இருக்கும் பழைய எண் வரவே இல்லை என்றும் வரும். திருப்பித் தராத மெஷினுக்கு விலை போட்டு பில் அனுப்புவார்கள், அனுப்பிய மெஷினுக்கு ரசீதும் தர மாட்டார்கள்.

மாற்றிய நாளின் சேவைச் சீட்டைத் தேடினோம். பில் புத்தகத்துக்குள் மடித்து வைத்திருந்தார். அதில் எடுத்துச் சென்ற மெஷினின் எண், வைத்துச் சென்ற மெஷினின் எண் இரண்டும் இருந்தன. அதன் படத்தோடு குத்தகை நிறுவனத்துக்கு எழுதி, பொருள் பட்டியலைத் திருத்தித் தரச் சொன்னோம். இரண்டு மூன்று முறை நினைவூட்டிய பிறகு புதிய எண்ணோடு திருத்திய பக்கம் வந்தது. சேவைச் சீட்டு கிடைக்காத கடைகளுக்கும் ஒரு வழி இருக்கிறது. மாற்றிக் கொடுத்த நிறுவனத்திடம் அந்த வேலைக்கான பதிவு இருக்கும். கணக்கு மூடும் முன்பே அதைக் கேட்டு வாங்கிவிட வேண்டும். மூடிய பிறகு நாம் அவர்களின் வாடிக்கையாளர் இல்லை, பதில் வருவது கடினம்.

இன்னொரு சிறு தகராறும் வந்தது. திருப்பி அனுப்ப வேண்டியவை என்று வந்த மின்னஞ்சலில் ஸ்கேனரையும் பிரிண்டரையும் சேர்த்திருந்தார்கள். முதல் நாள் பில்லைப் பார்த்தால் அவை இரண்டும் ஒரே தவணையில் விலைக்கு வாங்கியவை, குத்தகைப் பக்கத்திலும் இல்லை. பில்லைக் காட்டியதும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். புதிய மென்பொருளோடு அந்த ஸ்கேனர் இன்றும் ஓடுகிறது.

அனுப்பும் நாளில் செய்தவற்றில் சிலதை மட்டும் சொல்கிறேன். டேப்லெட்டில் உரிமையாளர் தன் சொந்த மின்னஞ்சல் கணக்கைப் போட்டு வைத்திருந்தார். அமைப்புகளுக்குள் போய் அந்தக் கணக்கை நீக்கிய பிறகுதான் டேப்லெட்டில் இருந்த தரவை அழித்தோம். கணக்கை நீக்காமல் வேறு வழியில் அழித்தால், மறுபடி இயக்கும்போது பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டு டேப்லெட் பூட்டிக்கொள்ளும். வாங்குபவருக்கு அது பயன்படாத பொருள். கார்டு மெஷினில் எதையும் அழிக்க முயலவில்லை, அது அவர்கள் வேலை. உள்ளே இருந்த சிம்மும் அவர்களுடையது, அப்படியே விட்டோம். காகிதச் சுருளை மட்டும் எடுத்துவிட்டோம். பேட்டரி உப்பியிருக்கிறதா என்று பின்மூடியைத் தடவிப் பார்த்தோம். லித்தியம் பேட்டரி உப்பியிருந்தால் கூரியரில் அனுப்பக் கூடாது, நிறுவனத்திடம் சொல்லி வந்து எடுத்துப்போகச் செய்ய வேண்டும். நல்ல பேட்டரி என்றால் மெஷினிலேயே பொருத்தி, அணைத்து, பொத்தான்கள் தானாக அழுந்தாதபடி சுற்றி அனுப்பலாம். பெட்டிக்குள் லித்தியம் பேட்டரி இருக்கிறது என்று கூரியரிடம் சொல்லிவிட வேண்டும்.

திருப்பி அனுப்புவதற்கென்று குத்தகை நிறுவனம் தந்த குறிப்பு எண்ணைப் பெட்டியின் வெளியிலும் எழுதினோம், உள்ளே ஒரு தாளிலும் எழுதி வைத்தோம். வரிசை எண் தெரியும்படி ஒவ்வொரு பொருளையும் படம் எடுத்தோம், சார்ஜர், தாங்கி உட்பட எல்லாம் பெட்டிக்குள் இருக்கும் நிலையில் ஒரு படம், மூடி ஒட்டிய பிறகு ஒரு படம். கூரியர் சீட்டில் எடையை எழுதச் சொன்னோம். சேர்ந்ததற்குக் கையெழுத்து வாங்கும் சேவையையே எடுத்தோம்.

எடை எழுதச் சொன்னது வீண் போகவில்லை. கார்டு மெஷின் கிடைத்தது, டேப்லெட் கிடைக்கவில்லை என்று குத்தகை நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. படங்களையும் கூரியர் சீட்டையும் அனுப்பி, மெஷின் மட்டும் என்றால் இந்த எடை வராது என்று எழுதினோம். கிடங்கில் மறுபடி தேடினார்கள், டேப்லெட் வேறொரு தட்டில் இருந்தது. அப்புறம்தான் பாக்கி இல்லை என்ற கடிதம் வந்தது. அதில் குத்தகை எண்ணும் இரண்டு வரிசை எண்களும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்கினோம். அதற்குப் பிறகே வங்கிக்குப் போய், குத்தகைக்காகக் கொடுத்திருந்த தானியங்கி டெபிட் அனுமதியை நீக்கினார் உரிமையாளர்.

மூடிய பிறகு வந்த தகராறு

பணப்பரிமாற்றக் கணக்கு மூடி இரண்டு மாதம் போல ஆன பிறகு, குத்தகை இன்னும் ஓடிக்கொண்டிருந்த நாளில், ஒரு பழைய விற்பனையின் தொகை வங்கிக் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டது. மூடிய கணக்கில் எப்படி எடுக்கலாம் என்று உரிமையாளருக்குக் கோபம். எடுக்கலாம். கார்டு வைத்திருப்பவர் ஒரு செலவை மறுத்துத் தன் வங்கியில் புகார் கொடுக்க நீண்ட அவகாசம் உண்டு. விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் பல வகைப் புகார்களுக்கு அது 120 நாள். கணக்கு மூடினாலும் பழைய விற்பனைகளுக்கான பொறுப்பு கடைக்குத்தான் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். சில நிறுவனங்கள் இதற்காகவே ஒரு தொகையைச் சில மாதம் பிடித்து வைப்பதும் உண்டு. கடிதத்தில் அதைக் கேட்டது அதனால்தான். இதனால்தான் கார்டு பணம் விழுந்த வங்கிக் கணக்கை உடனே மூட வேண்டாம் என்றும், பதிவு செய்த மின்னஞ்சலைத் தினமும் பார்க்க வேண்டும் என்றும் சொல்லி வைத்திருந்தேன். புகார் பற்றிய அறிவிப்பு அந்த மின்னஞ்சலுக்குத்தான் வந்தது, பதில் சொல்லக் கடைசித் தேதியும் அதில் இருந்தது.

வாடிக்கையாளரின் புகார், இந்தச் செலவு எனக்கு நினைவில்லை என்பது. அவர் கார்டு அறிக்கையில் கடையின் பலகைப் பெயர் வரவில்லை, பதிவுப் பெயர்தான் வந்திருக்கிறது. அதைப் பார்த்தால் யாருக்கும் புரியாதுதான். மென்பொருளிலிருந்து எடுத்து வைத்த பில் வாரிக் கோப்பில் அனுமதி எண்ணைத் தேடினோம். பில் கிடைத்தது, இரண்டு நோட்டுப் புத்தகமும் ஒரு பேனாப் பெட்டியும். பில்லின் விவரம், சிப்பைச் செருகி ரகசிய எண் போட்டதைக் காட்டும் மெஷின் சீட்டின் பிரதி, இரண்டு பெயரும் ஒரே கடைதான் என்பதற்குச் சான்று, இவற்றைக் கெடு முடிவதற்குள் அனுப்பினோம். சில வாரத்தில் பணம் திரும்ப வரவு வைக்கப்பட்டது.

மென்பொருள் திட்டம் அதன் புதுப்பிப்புத் தேதியோடு நின்றது, மறு மாதம் டெபிட் வரவில்லை. குத்தகைக்கும் அப்படியே. கடைசி டெபிட்டுக்கு அடுத்த இரண்டு மாத வங்கி அறிக்கைகளையும் வரி வரியாகப் பார்த்தோம். மூன்று பெயர்களில் எதுவும் இல்லை. பாக்கி இல்லை என்ற கடிதம், ரத்து உறுதிகள், கூரியர் சீட்டு, படங்கள், திறக்காத சி.எஸ்.வி. கோப்புகள் எல்லாம் ஒரே உறையிலும் ஒரே பென் டிரைவிலும் உரிமையாளரிடம் இருக்கின்றன.